முதல் ஒற்றை நட்சத்திரம்

2014 ஜனவரி 29, புதன்கிழமை இரவு. சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. மாசாயில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்காவின் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினேன். எனக்கு அப்போது பதினேழு வயது. எஸ்பிஎம் எழுதிவிட்டு, மார்ச் மாதம் வரப்போகும் முடிவுக்காகக் காத்திருந்தேன். அதுவரைக்கும் பக்கத்துக் கடையில் கணக்குப் பார்க்கப் போயிருக்கலாம். நான் கேம் செய்யப் போனேன்.

அந்த யோசனை வந்ததற்குக் காரணம் சென்னையைச் சேர்ந்த இரண்டு பையன்கள். ஷ்ரவண் குமரன், சஞ்சய் குமரன் என்ற அண்ணன் தம்பி. 2012 வாக்கில் அவர்களைப் பற்றி நிறையச் செய்திகள் வந்தன. மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்குப் பத்து. 'கேட்ச் மீ காப்' என்று ஒரு திருடன் போலீஸ் விளையாட்டை ஆப்பிளின் கடையில் வெளியிட்டிருந்தார்கள். என்னைவிடச் சின்ன வயதில் ஒரு தமிழ்ப் பையன் செய்துவிட்டான் என்ற எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. முதல் ஆட்டத்தை வெளியிடும் முன்னால் அவர்கள் 150 சோதனைச் செயலிகளை எழுதிப் பார்த்தார்கள் என்று அதே செய்திகளில் இருந்தது. அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

காலமும் தோதாக அமைந்தது. யூனிட்டி என்ற மென்பொருளில் ஆண்ட்ராய்டுக்கு ஆட்டம் செய்ய முன்பெல்லாம் தனியாகக் காசு கட்ட வேண்டும். 2013 மே மாதம் அதை இலவசமாக்கினார்கள். நவம்பரில் வந்த 4.3 பதிப்பில் தட்டையான, இருபரிமாண ஆட்டங்களுக்கான கருவிகளையும் சேர்த்தார்கள். எனக்குப் பரீட்சை முடிந்தது டிசம்பர் தொடக்கத்தில். அன்று இரவே பதிவிறக்கத்தைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஆட்டத்துக்கு 'தம்பாக் ரஷ்' என்று பெயர். தம்பாக் என்றால் ஜோகூர் பாலம். அப்பா தினமும் காலை ஐந்து மணிக்கு மோட்டாரில் அந்தப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். அதைத்தான் ஆட்டமாக்கினேன். திரையின் அடியில் ஒரு மோட்டார் நிற்கும். மேலிருந்து லோரிகள் இறங்கி வரும். திரையின் இடப்பக்கம் தொட்டால் மோட்டார் இடம் போகும், வலப்பக்கம் தொட்டால் வலம் போகும். ஒரு லோரியைத் தாண்டினால் ஒரு புள்ளி, இடித்தால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான்.

கூகுளின் கடையில் கணக்குத் தொடங்க 25 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். அப்போதைய மாற்று விலைக்கு எண்பது வெள்ளி சொச்சம். கடன் அட்டை வேண்டும், பதினெட்டு வயதும் ஆகியிருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே இல்லை. அப்பாவிடம் வயது இருந்தது, அட்டை இல்லை. அதனால் மாமா பெயரில் கணக்குத் தொடங்கினோம். "எம்பேரு போட்டு வருது, மானத்த வாங்கிடாதடா" என்று சொல்லித்தான் அட்டையை நீட்டினார்.

அந்தக் காலத்தில் பொத்தானை அழுத்திய சில மணி நேரத்தில் ஆட்டம் கடைக்கு வந்துவிடும். விடியற்காலை அப்பா கிளம்பும்போது பார்த்தேன், வந்திருந்தது. பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தன.

அந்த வெறுமையை என்னால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. டெவலப்பர் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற கணக்கு ஒரு நாள் பிந்தித்தான் அங்கே வரும். நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலும் அதே பூஜ்யம்தான். அது தெரிந்தும் பார்த்தேன். பத்து மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டு, "எல்லாரும் எறக்கி அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று எழுதினேன்.

ஒருவர் ஆட்டத்தை இறக்காமல் நட்சத்திரம் போட முடியாது. அதனால் எல்லாரும் இறக்கினார்கள். சித்தி, சித்தப்பா, பெரியம்மா மகள்கள், அவர்களுடைய தோழி ஒருத்தி என்று மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் போட்டிருந்தார்கள். பதினொன்றும் ஐந்து நட்சத்திரம். சராசரி 5.0. மாமா அதைப் படம்பிடித்து வேலையிடத்தில் எல்லாருக்கும் காட்டினார். மதிப்பீட்டில் இப்படிக் கைவைக்கக் கூடாது என்று கடையின் விதிகளில் இருந்தது. நான் விதிகளைப் படிக்கவில்லை, 'சம்மதம்' என்ற கட்டத்தில் குறி போட்டதோடு சரி.

ஆனால் காத்திருப்பு முடியவில்லை. இதுதான் எனக்கு வினோதமாக இருந்தது. பதினொரு பாராட்டு வந்த பிறகும் நான் முதல் விமர்சனத்துக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைத் தெரியாத ஒருவர், நான் யார் மகன் என்று தெரியாத ஒருவர், விளையாடிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மொய் மாதிரி. வாங்கும்போதே திருப்பிச் செய்ய வேண்டும் என்று தெரியும்.

சீனப் பெருநாள் விடுமுறைக்கு குளுவாங்கில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே சித்தி மகன் புது கேலக்ஸி எஸ்4 வைத்திருந்தான். "தம்பி செஞ்ச கேம காட்டு" என்று யாரோ கேட்க, அப்பா அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். அப்பாவிடம் பழைய நோக்கியாதான் இருந்தது, அதனால் அதுவரை அவர் என் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை ஆடினார், இடித்தது. இன்னொரு தடவை ஆடினார், இடித்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏன்டா, இந்த லோரிக்கெல்லாம் பிரேக்கே இல்லையா? பாலத்துல யாரும் இவ்ளோ வேகமா வரமாட்டானுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு கேம் ஆடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரங்களில் உலகம் முழுக்க ஒரே ஆட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹனோயில் இருந்த டாங் நுயென் என்பவர் தனியாளாகச் செய்த 'ஃபிளாப்பி பேர்ட்'. 2013 மே மாதமே வெளிவந்து, மாதக்கணக்கில் யாரும் சீண்டாமல் கிடந்து, ஜனவரியில் திடீரென்று உச்சிக்குப் போனது. அதன் விமர்சனப் பக்கத்தை நான் கதைப் புத்தகம்போலப் படித்தேன். தூக்கம் போச்சு, வேலை போச்சு, போனை உடைத்துவிட்டேன் என்று திட்டி எழுதிவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுகூட இல்லை, இவருக்கு லட்சக்கணக்கில் வந்து குவிகிறதே என்று பொறாமையாக இருந்தது. பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தால், அந்த மனிதர் ஆட்டத்தைக் கடையிலிருந்தே எடுக்கப்போவதாக அறிவித்திருந்தார். இனித் தாங்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். சொன்னபடி மறுநாள் எடுத்தும்விட்டார்.

அதைப் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் என் பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டாவது மதிப்பீடு வந்திருந்தது. தெரியாத பெயர். ஒரே ஒரு நட்சத்திரம். மலாயில் எழுதியிருந்தார்: "லாஜூ கிலா. தீகா சாஆட் மாத்தி. சியாப்பா தெஸ்ட் கேம் நீ?" பைத்தியக்கார வேகம். மூன்று வினாடியில் சாவு. இந்த ஆட்டத்தை யார் சோதித்துப் பார்த்தது?

வயிற்றில் ஏதோ கவிழ்ந்தது. முதலில் கோபம்தான். என் போனில் நான் 140 புள்ளி எடுத்திருக்கிறேன், இவருக்கு மூன்று வினாடி தாங்கவில்லையாம். ஆடத் தெரியாதவர், இல்லை வேண்டுமென்றே கெடுக்க வந்தவர் என்று முடிவு கட்டினேன். மாமா போன் செய்து, "விடுடா, நாம ஒரு பத்து பேர சேத்து அஞ்சு ஸ்டார் போட சொல்லிடலாம்" என்றார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. பதினொரு ஐந்தும் ஒரு ஒன்றும் சேர்ந்தால் 56. பன்னிரண்டால் வகுத்தால் 4.7. கடையில் பார்ப்பவருக்கு அது அருமையான ஆட்டம். உறவுக்காரர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் உண்மையான சராசரி 1.0.

டெவலப்பர் பக்கத்தில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் எழுதியவர் எந்தப் போன் வைத்திருக்கிறார் என்றும் காட்டும். கோபம் கொஞ்சம் ஆறியபின்தான் அதைப் பார்த்தேன். கேலக்ஸி எஸ்4. அதே போனிலிருந்து ஒரு ஐந்து நட்சத்திரமும் வந்திருந்தது, சித்தி மகனுடையது. "சூப்பர் கேம் அண்ணா" என்று எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கேம்ல எவ்ளோ புள்ளி எடுத்த?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அண்ணே... நான் ஆடல லா. ஸ்டார் மட்டும் போட்டேன். நீங்கதானே போட சொன்னீங்க."

அன்று மத்தியானமே பஸ் பிடித்து உலு திராமில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். அவன் போனில் ஆடினேன். முதல் லோரியைத் தாண்டினேன், இரண்டாவதை எப்படியோ தாண்டினேன், மூன்றாவது இடித்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஆடினேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை. விமர்சனம் எழுதியவர் மிகைப்படுத்தவே இல்லை. குளுவாங்கில் அப்பாவும் இதே போனில்தான் ஆடினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், இது கேம் செய்கிற எல்லாரும் ஒரு தடவையாவது விழுகிற பள்ளம். ஓர் ஆட்டம் என்பது வேகமாகப் புரட்டப்படும் படங்கள். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தடவை நாம் எழுதிய கட்டளை ஓடும். லோரியை நகர்த்த நான் எழுதியிருந்த வரி இது:

```csharp
transform.Translate(0, -0.1f, 0);
```

ஃபிரேமுக்கு 0.1 அலகு கீழே இறங்கு என்று அர்த்தம். வழவழப்பாக ஓடட்டும் என்று வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றும் கேட்டிருந்தேன். என்னுடைய மலிவு விலைப் போனால் அந்த வேகத்துக்குப் படம் வரைய முடியாது. அது மூச்சு வாங்கிக்கொண்டு வினாடிக்கு முப்பதுதான் வரையும். ஆகவே என் போனில் லோரியின் வேகம் வினாடிக்கு 3 அலகு. லோரி மேலிருந்து மோட்டார்வரை வரவேண்டிய தூரம் 8 அலகு, அதைக் கடக்க ஏறத்தாழ 2.7 வினாடி பிடிக்கும். எஸ்4 நான் கேட்டபடியே அறுபதையும் வரைந்தது. அங்கே லோரியின் வேகம் வினாடிக்கு 6 அலகு. அதே தூரம் 1.3 வினாடியில் முடிந்தது.

அடுத்த லோரி எப்போது வர வேண்டும் என்பதையும் நான் ஃபிரேமை எண்ணித்தான் வைத்திருந்தேன், 45 ஃபிரேமுக்கு ஒன்று. என் போனில் அது ஒன்றரை வினாடி, எஸ்4இல் முக்கால் வினாடி. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு போன்களையும் படம்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. லோரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி இரண்டிலும் 4.5 அலகுதான். நேரம் மட்டும்தான் பாதியாகியிருக்கிறது. கையில் வாங்கி ஆடினால் ஒழிய இந்தப் பிழை கண்ணுக்குப் படாது. நான் ஒரே ஒரு போனில் ஆடிப் பார்த்தேன். அந்தப் போனில் எது சுகமோ அதற்குத் தகுந்தபடி எல்லா எண்களையும் திருத்தித் திருத்தி வைத்தேன். சென்னைப் பையன்களின் 150 சோதனைச் செயலிகள் எதற்கு என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

திருத்தம் ஒரே வரிதான்:

```csharp
transform.Translate(0, -3f * Time.deltaTime, 0);
```

`Time.deltaTime` என்பது போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் நடுவில் கழிந்த வினாடி. வேகத்தை அதனால் பெருக்கினால், அதிகம் வரையும் போனில் ஒவ்வொரு அடியும் சின்னதாகும், குறைவாக வரையும் போனில் பெரிதாகும். வினாடிக்கு 3 அலகு என்பது எல்லாப் போனிலும் அதே 3 அலகாக நிற்கும். லோரி வரும் நேரத்தையும் அதேபோல வினாடிக்கு மாற்றினேன். பதிப்பு எண்ணை 1இலிருந்து 2 ஆக்கி, முதலில் கையொப்பமிட்ட அதே சாவிக் கோப்பால் மறுபடி கையொப்பமிட்டு ஏற்றினேன். அந்தக் கோப்பு தொலைந்தால் அந்தக் காலத்தில் அந்த ஆட்டத்தைப் புதுப்பிக்கவே முடியாது. அதை ஒரு தம்ப் டிரைவில் போட்டு அம்மாவின் சாமி மேடையில் வைத்திருந்தேன், வீட்டில் யாரும் கைவைக்காத ஒரே இடம் அதுதான்.

பிறகு அவருக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. ஒரு விமர்சனத்துக்கு டெவலப்பர் எழுதும் பதில் 350 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பதில் போட்டதும் எழுதியவருக்கு மின்னஞ்சல் போகும். முதலில் நான் எழுதியதில் பாதி சாக்குப்போக்கு. பரீட்சை எழுதிவிட்டு வந்தேன், வயது பதினேழு, ஒரே போன்தான் இருக்கிறது என்றெல்லாம். அவருக்கு அது எதற்கு? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மலாயில் மூன்று வாக்கியம் எழுதினேன். நீங்கள் சொன்னது சரி. வேகமான போன்களில் லோரி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. பதிப்பு 2இல் சரிசெய்திருக்கிறேன், நன்றி.

பின்னர், அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்தேன். குடும்பக் குழுவில், "தயவுசெஞ்சு எல்லாரும் போட்ட ஸ்டார எடுத்துடுங்க" என்று எழுதினேன். மாமா உடனே போனில் வந்தார்.

"ஏன்டா, யாரோ ஒருத்தன் சொன்னதுக்கு பதினோரு பேரு சொன்னத எடுப்பியா?"

"அவர் ஒருத்தர்தான் மாமா ஆடிப் பாத்தாரு."

அவர் வைத்துவிட்டார். வேலையிடத்தில் அத்தனை பேரிடம் காட்டிய 5.0 அது. தீபாவளிவரைக்கும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒன்பது பேர் எடுத்தார்கள். இரண்டு பேருக்கு எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

நாலு நாள் கழித்து அந்த ஒற்றை நட்சத்திரம் மூன்றானது. அவர் எழுதியதை மாற்றியிருந்தார்: இப்போது பரவாயில்லை, ஆனால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டது. இரண்டு ஐந்தும் ஒரு மூன்றும், சராசரி 4.3. அந்த எண்ணை நான் அப்புறம் பெரிதாகப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டது என்பதைத்தான் பல நாள் யோசித்தேன். அவர் ஐந்து நிமிடம் ஆடியிருக்கிறார். சலிப்பு நியாயம்தான், முதல் லோரிக்கும் நூறாவது லோரிக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்கு என்னிடம் ஒரு வரித் திருத்தம் எதுவும் இல்லை.

மார்ச்சில் எஸ்பிஎம் முடிவு வந்தது. பின்னால் ஸ்கூடாயில் யூடிஎம்மில் மின்பொறியியல் படித்தேன். 'தம்பாக் ரஷ்' இப்போது கடையில் இல்லை. நான் வேலை செய்வது பாசிர் கூடாங்கில், தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறேன். அந்த இயந்திரங்களின் மூளையும் ஒரே நிரலை வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வட்டத்தை ஸ்கேன் என்போம். போன வருடம் ஒரு பழைய மூளையை மாற்றிப் புதியதைப் போட்டதும், பெட்டியைத் தள்ளும் கை முன்கூட்டியே பாய்ந்து அட்டைகளை நசுக்க ஆரம்பித்தது. எல்லாரும் உதிரிபாகத்தைச் சந்தேகப்பட்டார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் அக்கா ஒருவர், "இது முன்னவிட அவசரப்படுது தம்பி" என்றார்.

நிரலைத் திறந்து பார்த்தேன். யாரோ பல வருடத்துக்கு முன்னால் நேரத்தை வினாடியில் அளக்காமல் ஸ்கேனை எண்ணி வைத்திருந்தார்கள். புதிய மூளை வேகமாக எண்ணியது. திருத்திவிட்டு அந்த அக்காவைக் கூப்பிட்டு, ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் பழைய கதையைச் சொன்னேன். லோரிக்கு பிரேக் இல்லையா என்று நீங்கள் கேட்டீர்களே, அதுதான் அந்த ஆட்டத்துக்கு வந்த முதல் விமர்சனம், நான்தான் அதைக் கணக்கில் வைக்கவில்லை என்றேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. "அப்பிடியா சொன்னேன்? இப்ப பாலத்துல மோட்டார் பாதையே நகர மாட்டேங்குது லா" என்றார்.